மாநாட்டுப் பதிவு மேசைத் தொண்டர்களுக்கு நன்றியுரை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருகோணமலையில், டச்பே கடற்கரைக்குப் பக்கத்து மண்டபம் ஒன்றில், வெள்ளி முதல் ஞாயிறு வரை நடந்த மாநாட்டுக்கு நான் பதிவு ஒருங்கிணைப்பாளராக இருந்தேன். என்னுடன் 22 தொண்டர்கள் இருந்தார்கள். கடைசி நாள் பிற்பகல் அவர்களுக்கு நாலு நிமிடம் நன்றி சொல்லிப் பேசினேன். அதற்குப் பிறகு இதே பொறுப்பை ஏற்ற பலர் அந்த உரையைப் பற்றி விசாரித்தார்கள். திரும்பத் திரும்ப வந்த கேள்விகளையும் நான் சொன்ன பதில்களையும் இங்கே சேர்த்திருக்கிறேன். தொண்டர்களின் பெயர்களை எடுத்துவிட்டு அவர்களுடைய ஊர்களைப் போட்டிருக்கிறேன்.

நிறைவு விழாவில் தலைவர் எல்லாத் தொண்டர்களுக்கும் நன்றி சொல்வார்தானே? நான் வேறு தனியாகப் பேச வேண்டுமா?

பேசுங்கள். தலைவர் நன்றி சொல்லும்போது உங்கள் தொண்டர்களில் பாதிப் பேர் மண்டபத்துக்குள் இருக்க மாட்டார்கள். எங்கள் நிறைவு விழா நடந்த நேரத்தில் ஆறு பேர் வெளியே கழுத்துப்பட்டிகளைத் திரும்ப வாங்கிக்கொண்டிருந்தார்கள். இரண்டு பேர் பயணப் பைகளுக்குக் காவல் இருந்தார்கள். ஒருவர் இரவு ரயிலில் கொழும்புக்குப் போகிறவர்களுக்கு ஓட்டோ பிடித்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். மேடையிலிருந்து வந்த நன்றி இவர்கள் ஒருவர் காதிலும் விழவில்லை.

தலைவருக்கு மேசையில் நடந்ததும் தெரியாது. வரவேற்பு, உணவு, ஒலிபெருக்கி, பதிவு என்று எல்லாக் குழுக்களையும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டுப் போக வேண்டிய நிலை அவருக்கு. அதைக் குறையாகச் சொல்லவில்லை. யார் எதைத் தூக்கினார்கள் என்று கிட்ட நின்று பார்த்தவர் நீங்கள்தான்.

எப்போது பேசுவது? எல்லாம் முடிந்த பிறகா?

முடிந்த பிறகு என்றால் ஒருவரும் இருக்க மாட்டார்கள். எங்கள் ஆட்களில் ஐந்து பேர் மூதூர்ப் பக்கம். 2009இல் கிண்ணியாப் பாலமும் அதற்குப் பிறகு மற்றப் பாலங்களும் திறந்ததோடு ஃபெரிக்குக் காத்து நிற்கிற காலம் போய்விட்டது, ஆனால் பஸ்ஸுக்குக் காத்து நிற்கிற காலம் போகவில்லை. பொழுது சாய்ந்தால் பெண்பிள்ளைகளின் வீட்டிலிருந்து அழைப்பு வரத் தொடங்கும். அந்த நேரத்தில் உங்கள் பேச்சை யாரும் கேட்க மாட்டார்கள், கைபேசியைத்தான் பார்ப்பார்கள்.

நான் ஞாயிறு பிற்பகல் தேநீர் இடைவேளைக்கு அடுத்த அரைமணியை எடுத்தேன். கடைசி அமர்வு உள்ளே தொடங்கிவிட்டால் மேசைக்கு ஆள் வருவது ஏறக்குறைய நின்றுவிடும். இரண்டு பேரை மட்டும் மேசையில் விட்டேன். மேசையை மண்டபப் படிக்கட்டுக்குப் பக்கத்தில் போட்டிருந்ததால் அவர்களுக்கும் நான் பேசியது கேட்டது. இடத்தை இப்படி முதலே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். ஒலிவாங்கி வேண்டாம். அதைக் கையில் பிடித்தால் குரல் தானாகவே மேடைப் பேச்சுக்கு மாறிவிடும்.

மூன்று நாள் ஓடிய ஓட்டத்தில் யார் என்ன செய்தார்கள் என்பதே மறந்துபோகிறது. பேசுவதற்கு விஷயம் எங்கிருந்து எடுப்பது?

ஒரு சின்னக் கொப்பி. முதல் நாள் காலையிலேயே மேசையின் இழுப்பறையில் வைத்துவிடுங்கள். மேசையில் ஏதாவது பிசகும்போது ஒருவர் அதை நிமிர்த்துவார். அந்த இடத்தில் ஒரு வரி எழுதுங்கள்: நேரம், ஆள், என்ன செய்தார். “நல்லா வேலை செய்தார்” என்று எழுதினால் மூன்றாம் நாள் அது எதற்கும் உதவாது. என் கொப்பியில் இருந்த சில வரிகள்:

“வெள்ளி 6.15, நிலாவெளித் தம்பி, ரயில் ஆட்கள், பைகள்.”
“வெள்ளி 8.40, கிண்ணியாத் தம்பி, எம் எழுத்து மேசை, கடைசி நாலு இலக்கம்.”
“வெள்ளி இரவு, தம்பலகாமத் தங்கச்சி, அடிக்கட்டை.”
“சனி, மான், அம்புக்குறி.”

கடைசி வரி உங்களுக்குச் சிரிப்பாக இருக்கலாம். கோட்டைப் பக்கத்து மான்கள் நகருக்குள் சாதாரணமாக உலாவும். கடதாசி என்றால் விடாது. வாசலிலிருந்து மேசைக்கு வழிகாட்ட ஒட்டியிருந்த அம்புக்குறித் தாள்களைச் சனிக்கிழமை காலை ஒரு மான் தின்றுவிட்டது. உப்புவெளித் தங்கச்சி வெண்கட்டி எடுத்துத் தரையிலேயே அம்புகளை வரைந்துவிட்டாள். ஐந்து நிமிட வேலை. கொப்பியில் எழுதாவிட்டால் ஞாயிற்றுக்கிழமை எனக்கு நினைவுக்கு வந்தே இருக்காது.

மூன்று நாளிலும் மொத்தம் 31 வரிகள் சேர்ந்தன. சனி இரவு அதைத் திருப்பிப் பார்த்தபோது நான்கு பேருடைய பெயர் எங்கேயும் இல்லை. அவர்கள் வேலை செய்யாமல் இல்லை. ஒரு பிசகும் வராத இடத்தில் இருந்தார்கள், அவ்வளவுதான். ஞாயிறு காலை அந்த நான்கு பேருக்கும் பக்கத்தில் கொஞ்ச நேரம் நின்று பார்த்தேன். பெயரட்டைகளைக் கழுத்துப்பட்டியில் கொழுவிக்கொண்டிருந்த சாம்பல்தீவுத் தங்கச்சி, ஒவ்வொரு அட்டையின் பின்புறத்திலும் சாப்பாட்டு அடையாளத்தைச் சரிபார்த்த பிறகுதான் பெட்டிக்குள் போடுகிறாள் என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. மரக்கறிச் சாப்பாடு கேட்டவருக்கு மூன்று நாளும் ஏன் மாறிப்போகவில்லை என்பதற்கு விடை அதுதான்.

உரையில் ஒரு சம்பவத்தை விரிவாகச் சொன்னீர்களாம். அது என்ன, ஏன் அதை எடுத்தீர்கள்?

எம் எழுத்து மேசையின் கதை. அதில் பிழை விட்டது நான்.

முன்பதிவு செய்தவர்கள் 312 பேர். நான் பெயரட்டைகளை ஆங்கில அகரவரிசையில் அடுக்கி நான்கு மேசைகளுக்குப் பிரித்தேன். ஏ முதல் எஃப் வரை ஒன்று, ஜி முதல் எல் வரை அடுத்தது, எம் முதல் ஆர் வரை மூன்றாவது, எஸ் முதல் இசட் வரை கடைசி. எழுத்துகளைச் சமமாகப் பிரித்தால் ஆட்களும் சமமாகப் பிரிவார்கள் என்று நினைத்தேன். நம் ஊரில் அது நடக்குமா? முஸ்லிம் பெயர்கள் பல முகம்மது என்று தொடங்கும், எல்லாம் எம். சிவ, செல்வ, சுப்பிர, ஸ்ரீ என்று தொடங்கும் பெயர்களும் தர்ம, தேவ, தில்லை என்று தொடங்கும் பெயர்களும் கடைசி மேசையில் குவிந்தன.

வெள்ளிக்கிழமை எட்டரை மணிக்கு முதலிரண்டு மேசைகளிலும் தொண்டர்கள் சும்மா இருந்தார்கள். மூன்றாவது மேசை வரிசை வாசலைத் தாண்டி வெயிலில் நின்றது. கச்சான் காற்று வீசுகிற மாதம், காலையிலேயே முகத்தில் அனல் அடிக்கும். அது போதாதென்று முகம்மது என்ற பெயரை ஆங்கிலத்தில் ஆளுக்கு ஒரு விதமாக எழுதியிருந்தார்கள். தலையெழுத்தை முன்னால் போட்டவர் சிலர், பின்னால் போட்டவர் சிலர். தன் பெயரை எந்தப் பெட்டியில் தேடுவது என்று வந்தவருக்கே தெரியவில்லை. ஒரு அட்டையை எடுக்க இரண்டு மூன்று நிமிடம் போனது.

கிண்ணியாத் தம்பி இரண்டாவது மேசையில் இருந்தவர். எழும்பி வந்து, “அண்ணை, பேரை விடுங்கோ. கைபேசி இலக்கத்தில கடைசி நாலைக் கேப்பம். அது ஒரு விதமாத்தான் எழுதேலும்” என்றார். பதிவுப் படிவத்தில் எல்லாரும் கைபேசி இலக்கம் கொடுத்திருந்தார்கள். எக்செல் பட்டியலில் அந்த நான்கு இலக்கத்தைத் தட்டினால் ஆள் வந்துவிடும், ஆளுக்கு நேரே பதிவு எண்ணும் இருக்கும். அட்டைகள் பெயர் வரிசையில் இருந்ததுதான் மிச்சப் பிரச்சினை. உடனே ஏ, ஜி மேசைத் தொண்டர்கள் எட்டுப் பேரும் நிலத்தில் உட்கார்ந்து, அட்டையின் கீழ் மூலையில் அச்சாகியிருந்த பதிவு எண்ணின் கடைசி இலக்கத்தை வைத்துப் பத்துக் குவியலாகப் பிரித்தார்கள். பூச்சியம் முதல் ஒன்பது வரை. ஒரு குவியலில் ஏறக்குறைய முப்பது அட்டை. முப்பதுக்குள் தேடுவது லேசு. எந்த வரிசையில் நின்றவரும் எந்த மேசைக்கும் போகலாம் என்றாகிவிட்டது.

8.40க்குத் தொடங்கிய வேலை 9 மணிக்கு முடிந்தது. 9.20க்கு வாசலில் வரிசை இல்லை. தொடக்க விழா பத்து நிமிடம் மட்டும் பிந்தியது.

இதை ஏன் உரையில் எடுத்தேன் என்றால், அகரவரிசை என் யோசனை என்பது எல்லாத் தொண்டர்களுக்கும் தெரியும். அதைச் சொல்லாமல் “நீங்கள் எல்லாரும் சிறப்பாகச் செயல்பட்டீர்கள்” என்று மட்டும் பேசியிருந்தால் உள்ளுக்குள் சிரித்திருப்பார்கள். என் பிழையைச் சொன்னால்தான் அந்த இருபது நிமிடத்தின் பெறுமதி தெரியும்.

என் பிழையை நான் சொல்லலாம். ஒரு தொண்டர் விட்ட பிழையை இன்னொருவர் சரிசெய்திருந்தால் அதை எப்படிச் சொல்வது?

சரிசெய்த வேலையைச் சொல்லுங்கள், காரணத்தை விடுங்கள்.

வெள்ளி இரவு எங்களுக்குப் பணக் கணக்கு இடித்தது. முன்பதிவில்லாமல் வந்தவர்களிடம் ஆளுக்கு 1,500 ரூபாய் வாங்கினோம். பற்றுச்சீட்டுப் புத்தகத்தில் 12 அடிக்கட்டைகள், அதாவது 18,000 ரூபாய். பெட்டியில் 16,500. தம்பலகாமத் தங்கச்சி வீட்டுக்குப் போகாமல் இருந்து, 12 அடிக்கட்டையையும் வந்தவர் பட்டியலுடன் ஒவ்வொன்றாக ஒப்பிட்டாள். ஒரே ஆளுக்கு இரண்டு பற்றுச்சீட்டு இருந்தது. நிறுவனப் பெயரைப் பிழையாக எழுதியதால் முதல் சீட்டைக் கிழித்துவிட்டு வேறொன்று எழுதியிருக்கிறார்கள், பழைய அடிக்கட்டையில் “இரத்து” என்று போடவில்லை. பணம் குறையவே இல்லை.

எழுதியவர் யார் என்பது கையெழுத்திலேயே தெரிந்தது. முதல் தடவை தொண்டராக வந்த பிள்ளை. உரையில் நான் சொன்னது, “வெள்ளி இரவு கடைசி அடிக்கட்டை வரைக்கும் பார்த்துக் கணக்கை ஒரு சதம் பிசகாமல் முடித்தாள்” என்பது மட்டும். அந்தப் பிள்ளைக்கு வேறொரு வரியில் வேறொரு நன்றி இருந்தது. இரண்டையும் பக்கத்துப் பக்கத்து வரிகளில் வைக்காதீர்கள். கேட்கிறவர்கள் உடனே முடிச்சுப் போட்டுவிடுவார்கள்.

இரத்துச் செய்த பற்றுச்சீட்டைக் கிழித்து எறியாமல் அடிக்கட்டையோடு சேர்த்துக் குத்தி வைக்க வேண்டும் என்பதை மறுநாள் காலை எல்லாருக்கும் பொதுவாகச் சொன்னேன். அது நன்றியுரைக்கான விஷயமில்லை.

22 பேரையும் பெயர் சொல்ல வேண்டுமா? நேரம் போகாதா?

சொல்ல வேண்டும். எங்கள் குழு அளவுக்கு அது முடியும். ஆளுக்கு ஒரு வரி என்றால் மூன்று நிமிடத்துக்குக் கொஞ்சம் கூட. எழுபது எண்பது பேர் என்றால் மேசை வாரியாகப் பிரித்து, மேசைத் தலைவரையே தன் ஆட்களின் பெயரைச் சொல்லவிடலாம்.

பெயரை விட்டுவிட்டால் அது பெரிய வடு. அதனால் நினைவை நம்பாமல் வரவுப் பட்டியலைக் கையில் வைத்து, சொல்லச் சொல்ல விரலால் தொட்டுக்கொண்டு போனேன். சிங்களப் பிள்ளைகள் மூன்று பேரின் பெயர்களை எப்படி உச்சரிப்பது என்று முதல் நாளே கேட்டுத் தமிழில் எழுதி வைத்திருந்தேன். “எல்லாரையும் சொல்ல நேரமில்லை, ஆனாலும் இவரை மட்டும் சொல்லியாக வேண்டும்” என்ற வசனம் எந்த நன்றியுரையிலும் வரக்கூடாது என்பது என் பிடிவாதம். அந்த ஒருவருக்கும் அது சங்கடம்.

எங்கள் குழுவில் மூன்று மொழிக்காரர்களும் இருக்கிறார்கள். எந்த மொழியில் பேசுவது?

எனக்கு நன்றாக வருவது தமிழ், அதில்தான் பேசினேன். மூன்று சிங்களத் தொண்டர்களுக்கும் தமிழ் ஓரளவு விளங்கும். ஆனால் ஓரளவு விளங்குகிற நன்றி போதாது. அவர்களைப் பற்றிய மூன்று வரிகளை உவர்மலைத் தங்கச்சியிடம் கொடுத்துச் சிங்களத்தில் எழுதி வாங்கி, நானே வாசித்தேன். உச்சரிப்பு மோசம். அவர்கள் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். முழு உரையையும் வரிக்கு வரி மொழிபெயர்க்க ஆளை வைத்தால் நாலு நிமிடம் எட்டாகும், நடுவில் சூடு ஆறிவிடும்.

உரையை அப்படியே தர முடியுமா?

கொஞ்சம் சுருக்கித் தருகிறேன். ஆளுக்கு ஒரு வரியாகச் சொன்ன பகுதியில் சிலவற்றை மட்டும் வைத்திருக்கிறேன்.

“எல்லாருக்கும் வணக்கம், அஸ்ஸலாமு அலைக்கும், ஆயுபோவன். மூதூர் பஸ் வரப்போகுது என்று தெரியும். நாலு நிமிடம்தான்.

மூன்று நாளில் இந்த மேசைக்கு வந்து அட்டை வாங்கிப் போனவர்கள் 306 பேர். முன்பதிவு செய்து வந்தவர்கள் 287, நேரே வந்தவர்கள் 19. அதில் ஒருவர்கூட அட்டை இல்லாமல் உள்ளே போகவில்லை, ஒருவர்கூடத் திரும்பிப் போகவில்லை.

வெள்ளிக்கிழமை காலை உங்களை அந்த வெயிலில் திணறவிட்டது நான். அட்டையை அகரவரிசையில் பிரிக்கச் சொன்னது என் பிழை. தம்பி, நீங்கள் எழும்பி வந்து கடைசி நாலு இலக்கத்தைக் கேட்கச் சொல்லாவிட்டால் தொடக்க விழா பத்து மணிக்கும் தொடங்கியிருக்காது. நிலத்தில் இருந்து அட்டை பிரித்த எட்டுப் பேரும் அன்று காலைச் சாப்பாடு சாப்பிடவில்லை என்று எனக்குப் பிறகுதான் தெரியும். மன்னிக்க வேண்டும்.

நிலாவெளித் தம்பி, ஏழரைக்குத்தான் வரச் சொன்னேன். இரவு ரயிலில் வந்தவர்கள் பையோடு வாசலில் நிற்கிறார்கள் என்று காவலாளி ஐயா சொன்னதும் ஆறேகாலுக்கே வந்து கதவைத் திறந்தீர்கள். பழுதான பெயரட்டையை இரண்டாகக் கிழித்து, ஒரே எண்ணை இரண்டு பக்கமும் எழுதி, ஒன்றைப் பையிலும் மற்றதை ஆளிடமும் கொடுத்தீர்கள். 40 பை வந்தது, 40 பையும் உரியவரிடம் போனது. காவலாளி ஐயா, நீங்களும் எங்கள் ஆள்தான், கொஞ்சம் கிட்ட வாருங்கள்.

வெள்ளி மதியம் ஏழு பேர் ஜும்ஆவுக்குப் போனபோது அவர்களின் இடத்தில் நின்றவர்கள் மற்றவர்கள். இன்று காலை நாலு பேர் தேவாலயத்துக்குப் போனபோது, கேட்காமலே முன்னதாக வந்து அவர்களின் மேசையைத் திறந்தவர்கள் அந்த ஏழு பேர். இந்த மாற்றத்தை நான் அட்டவணையில் போடவில்லை. நீங்களே பேசி எடுத்தீர்கள்.

தம்பலகாமத் தங்கச்சி, வெள்ளி இரவு கடைசி அடிக்கட்டை வரைக்கும் பார்த்துக் கணக்கை ஒரு சதம் பிசகாமல் முடித்தாய். அண்ணன் வந்து கூட்டிப்போகும் வரை வாசலில் நின்ற ரீச்சருக்கும் நன்றி.

சாம்பல்தீவுத் தங்கச்சி, அட்டையின் பின்புறத்தை நீ பார்த்ததை நான் இன்று காலைதான் பார்த்தேன். சாப்பாடு மாறவில்லை என்று உணவுக் குழு பெருமைப்பட்டது. அதில் பாதி உன்னுடையது.

உப்புவெளித் தங்கச்சி, உன் அம்புக்குறியை மான் தின்னாது.

சனிக்கிழமையோடு பரீட்சைக்காகப் போன இரண்டு பேர் இங்கே இல்லை. அவர்களைப் பற்றிய வரிகளைக் குரல்பதிவாக அனுப்புகிறேன்.

இனிச் சான்றிதழ். பெயரில் எழுத்துப் பிழை இருந்தால் இப்போதே சொல்லுங்கள். பிரிண்டரை இன்னும் கழற்றவில்லை. பஸ்ஸுக்குப் போகிறவர்கள் முதலில் வாருங்கள்.”

சொல்லாமல் பாதியில் நின்றுவிட்ட தொண்டர்களைப் பற்றி என்ன சொல்வது?

ஒன்றும் சொல்ல வேண்டாம். எங்களுக்கும் 25 பேர் பெயர் கொடுத்து 22 பேர்தான் வந்தார்கள். வராதவர்களைக் குத்தி ஒரு வரி சொன்னால் வந்தவர்களின் நன்றி புளித்துப்போகும். காரணம் சொல்லிவிட்டுப் போனவர்களின் கதை வேறு. அவர்கள் செய்த அளவுக்கு நன்றி உண்டு.

பரிசு ஏதாவது கொடுக்க வேண்டுமா? சான்றிதழ் போதுமா?

காசு இருந்தால் கொடுங்கள். எங்களிடம் இல்லை, சான்றிதழ்தான். ஆனால் அதை ஒழுங்காகச் செய்தோம். “தொண்டராகப் பங்குபற்றினார்” என்று எல்லாருக்கும் ஒரே வசனம் அடிக்காமல், “பதிவு மேசை, பணக் கணக்கு”, “பதிவு மேசை, பயணப் பைக் காப்பு” என்று செய்த வேலையையும் மொத்த மணித்தியாலத்தையும் போட்டோம். வேலைக்கு விண்ணப்பிக்கிற பிள்ளைகளுக்கு அந்த ஒரு வரி உதவும்.

பெயர் விஷயத்தில் கவனம். வாட்ஸ்அப்பில் இருக்கிற பெயரை எடுத்து அச்சடிக்காதீர்கள். முதல் நாளே ஒரு தாளைச் சுற்றவிட்டு, அடையாள அட்டையில் உள்ளபடி தலையெழுத்துகளோடு அவரவர் கையால் எழுதச் சொல்லுங்கள். நாங்கள் அப்படிச் செய்தும் ஒரு சான்றிதழில் தலையெழுத்து மாறிவிட்டது. பிரிண்டரைக் கழற்றாமல் வைத்திருந்ததால் இரண்டு நிமிடத்தில் வேறொன்று கொடுத்தோம். உரை முடிந்து கொடுக்கும் இடத்திலேயே பிழை திருத்த முடியாவிட்டால், அந்தப் பிள்ளை பிழையான பெயரோடு வீட்டுக்குப் போகும். “பிறகு அனுப்புகிறோம்” என்ற சான்றிதழ் எத்தனை வந்து சேர்ந்திருக்கிறது?

எழுதி வாசிப்பதா, பார்க்காமல் பேசுவதா?

எண்களையும் பெயர்களையும் எழுதி வையுங்கள். மற்றது வாயில் வருகிறபடி வரட்டும்.

பேசும்போது அழுகை வந்துவிட்டால்?

எனக்குக் காவலாளி ஐயாவைக் கூப்பிட்ட இடத்தில் தொண்டை அடைத்தது. தண்ணீர் குடித்தேன். யாரும் ஒன்றும் நினைக்கவில்லை.

உரைக்குப் பிறகு எல்லாரும் கலைந்துவிடுவார்களே, மிச்ச வேலையை யார் செய்வது?

அதை உரைக்கு முன்னால் முடித்துவிடுங்கள். நன்றி சொன்ன பிறகு “ஒரு உதவி, இந்த மேசைகளைத் தூக்கி வைக்கிறீர்களா” என்று கேட்பது அழகில்லை. நாங்கள் எடுக்கப்படாத 25 அட்டைகளையும் பிற்பகலிலேயே எண்ணி, பட்டியலில் வராதவர்களாகக் குறித்து, கிழித்தோம். 312இல் 287 போனால் 25, கணக்குச் சரி. அவற்றில் பெயரும் நிறுவனமும் இருப்பதால் அப்படியே குப்பையில் போடவில்லை. கைபேசி இலக்கப் பட்டியல் நான்கு மடிக்கணினிகளிலும் இருந்தது. மூன்றில் அழித்துவிட்டு என்னிடம் ஒரு பிரதி மட்டும் வைத்தேன். கடைசி நாலு இலக்கம் எவ்வளவு வசதியோ, முழுப் பட்டியல் வேறு யார் கையிலாவது இருப்பது அவ்வளவு வில்லங்கம்.

உரை முடிந்தபோது மிச்சம் இருந்தது நாங்கள் உட்கார்ந்திருந்த இரண்டு மேசைகளும் பிரிண்டரும்தான். அவற்றை நானும் காவலாளி ஐயாவும் தூக்கி வைத்தோம். உப்புவெளித் தங்கச்சியின் வெண்கட்டி அம்புகளைக் கழுவ வேண்டுமா என்று ஐயாவிடம் கேட்டேன். “இருக்கட்டும் தம்பி, நாளைக்குக் கலியாண வீடு, அவைக்கும் வழி தெரிய வேணுமே” என்றார்.